60 எம்பிக்குள் ஒரு திருவிழா: காணொளியைச் சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும் கணக்கு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மன் கோயில் திருவிழா முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரகம் புறப்பட்டதிலிருந்து தீமிதி வரை எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, பாட்டும் தலைப்பும் சேர்த்து, 6 நிமிடம் 40 வினாடிக்கு ஒரு காணொளி தயார். கணினியில் பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது. கோப்பின் அளவு 816 எம்பி.

இது போய்ச் சேர வேண்டியது தோட்டத்துப் புலனக் குழுவுக்கு. அதில் இருப்பவர்களில் பாதிப் பேர் எப்போதோ லயத்தை விட்டுக் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டவர்கள். மீதிப் பேர் இன்னும் செம்பனைக்கு நடுவில், சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடும் இடத்தில் இருப்பவர்கள். ஏற்றும் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் கிடைத்தால்கூட 816 எம்பி மேலே ஏற 54 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை லைன் விட்டால் பொறுமையும் விட்டுப்போகும். ஏறிவிட்டாலும், வாங்குகிறவரின் கைப்பேசியில் இடம் இருக்க வேண்டும். பிரீபெய்ட் டேட்டா தீராமல் இருக்க வேண்டும்.

இதே காணொளியை 60 எம்பிக்குள் கொண்டுவரலாம். கைப்பேசித் திரையில் பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்குத் தேவை ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், ஓர் இலவச மென்பொருள்.

ஜிப் செய்தால் ஏன் குறையாது

பலர் முதலில் செய்து பார்ப்பது கோப்பை ஜிப்பில் போடுவது. 816 எம்பி 815 ஆகும், அவ்வளவுதான். ஜிப் வேலை செய்வது திரும்பத் திரும்ப வரும் தகவலைக் கண்டுபிடித்துச் சுருக்கமாக எழுதித்தான். காணொளிக் கோப்பில் அந்த வேலை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. பிழிந்த தேங்காய்ப்பூவை மறுபடி பிழிந்தால் எவ்வளவு பால் வரும்? இனி அளவு குறைய வேண்டுமென்றால் படத்தின் தகவலில் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விடுவது, எவ்வளவு விடுவது என்பதுதான் கேள்வி.

காணொளி எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று கொஞ்சம் தெரிந்தால் இதற்கு விடை தானாக வரும். ஒரு வினாடிக் காணொளி என்பது 25 அல்லது 30 படங்கள். ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்பார்கள். எல்லாப் பிரேமையும் முழுதாகச் சேமித்தால் கோப்பு பூதமாகிவிடும். அதனால் காணொளியைச் சுருக்கும் நிரல், அதாவது சுருக்கி, ஒரு பிரேமை மட்டும் முழுதாக எழுதுகிறது. அடுத்து வருபவற்றில் முன்னதிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதுகிறது. தலைவர் மேடையில் நின்று பேசுகிறார், கேமரா முக்காலியில் இருக்கிறது என்றால் மாறுவது வாயும் கையும்தான். பின்னால் தொங்கும் பதாகை பத்து நிமிடமும் அப்படியே இருக்கும். அதற்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

உறுமி மேளத்துக்கு ஆடும் கூட்டமோ வேறு கதை. காவடியின் மயில் இறகு அசைகிறது, மஞ்சள் தண்ணீர் தெறிக்கிறது, தீக்குழியில் புகை சுழல்கிறது, எடுத்தவர் கையும் நடுங்குகிறது. பிரேமுக்குப் பிரேம் எல்லாமே புதிது. எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். ஒரே நீளமுள்ள இரண்டு காணொளிகளை ஒரே அளவுக்குச் சுருக்கினால் மேடைப் பேச்சு பளிச்சென்று இருப்பதும், காவடியாட்டம் கட்டம் கட்டமாகச் சிதறுவதும் இதனால்தான்.

அளவை முடிவு செய்வது எது

1080, 720 என்ற எண்கள்தான் கோப்பின் அளவை முடிவு செய்கின்றன என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அளவை முடிவு செய்வது பிட்ரேட், அதாவது ஒரு வினாடிக்கு எவ்வளவு தகவல் செலவாகிறது என்பது. பிட்ரேட்டை நீளத்தால் பெருக்கினால் கோப்பின் அளவு வந்துவிடும். நம் திருவிழாக் காணொளியைத் தொகுத்தவர் வினாடிக்கு 16 மெகாபிட் என்று வைத்து வெளியே எடுத்திருக்கிறார். ஒலிக்கு 320 கிலோபிட். கூட்டினால் சுமார் 16.3 மெகாபிட். 400 வினாடியால் பெருக்கினால் 6,528 மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுக்க, 816 எம்பி. எங்கிருந்தோ வந்த எண் அல்ல.

ஆக, கணக்கைத் தலைகீழாகப் போட்டால் போதும். எவ்வளவு எம்பி வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிட்ரேட் தானாகக் கிடைக்கும்:

```
மொத்தப் பிட்ரேட் (கேபிபிஎஸ்) = எம்பி × 8000 ÷ வினாடி
60 × 8000 ÷ 400 = 1200
```

இந்த 1200 கேபிபிஎஸ், அதாவது வினாடிக்கு 1200 கிலோபிட்தான், நம் கையிருப்பு. படத்துக்கும் ஒலிக்கும் இதிலிருந்தே பங்கு பிரிக்க வேண்டும்.

ஒலியை முதலில் எடுத்து வைத்துவிடலாம். மூலக் கோப்பில் இருந்த 320-ஐ அப்படியே விட்டால் 1200-இல் கால் பங்குக்கு மேல் அதுவே விழுங்கிவிடும். பெரிய கோப்பில் யாரும் கவனிக்காத 320, சிறிய கோப்பில் திடீரென்று பெரிய ஆளாகிவிடுகிறது. ஏஏசி முறையில் 128 கேபிபிஎஸ் வைத்தால் உறுமியும் நாதஸ்வரமும் கைப்பேசி ஒலிபெருக்கியில் நன்றாகவே கேட்கும். வெறும் பேச்சு என்றால் 64 போதும், அதுவும் மோனோவில். இங்கே மேளம் இருப்பதால் 128 வைப்போம். 1200-இல் 128 போக 1072 மிச்சம். கோப்பின் உள்கட்டமைப்புக்கும் சுருக்கி லேசாக அளவு மீறுவதற்கும் கொஞ்சம் விட்டு, படத்துக்கு 1050 என்று முடிவு செய்யலாம்.

60 எம்பி என்பது சட்டம் ஒன்றுமில்லை. 2 மெகாபிட் வேகத்தில் 4 நிமிடத்தில் ஏறிவிடும், ஏற்கெனவே நிரம்பி வழியும் கைப்பேசியும் முனகாமல் வாங்கிக்கொள்ளும் என்ற கணக்கில் எடுத்த எண். உங்கள் காணொளி 3 நிமிடம்தான் என்றால் இதே தரத்தில் 27 எம்பிக்குள் முடிந்துவிடும். 10 நிமிடம் என்றால் 88 எம்பி ஆகும்.

1050-ஐ எத்தனை புள்ளிகளுக்குப் பங்கிடுவது

இங்கேதான் ரெசல்யூஷன் வருகிறது. அளவைக் குறைப்பது அதன் வேலை அல்ல. கையில் இருக்கும் பிட்டுகள் எத்தனை புள்ளிகளுக்குப் போதும் என்பதே கேள்வி. 1920×1080 என்றால் ஒரு பிரேமில் இருபது லட்சத்துக்கும் மேல் புள்ளிகள், வினாடிக்கு 30 பிரேம். 1050 கேபிபிஎஸ்ஸை இவற்றுக்குப் பங்கிட்டால் புள்ளி ஒன்றுக்கு 0.017 பிட்தான் தேறும். இருபது பேருக்கு ஆக்கிய சோற்றை இருநூறு இலையில் போட்டதுபோல, எந்த இலையிலும் வயிறு நிறையாது. திரையில் இது மங்கலாகவும் சதுரக் கட்டங்களாகவும் தெரியும். கூட்டம் ஆடும்போது முகங்களே கரைந்துபோகும்.

1280×720 என்றால் புள்ளிக்கு 0.038 பிட். 960×540 என்றால் 0.068. எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறைக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: புள்ளிக்கு 0.1 பிட் இருந்தால் தாராளம், 0.06, 0.07 இருந்தால் கைப்பேசிக்குப் போதும், 0.04-க்குக் கீழே போனால் அசைவு அதிகமான காட்சிகளில் கட்டங்கள் தெரியத் தொடங்கும். ஆகவே தீமிதிக்கும் காவடிக்கும் 960×540-தான் சரி. மேடைப் பேச்சாக இருந்திருந்தால் 720-ஏ தாங்கியிருக்கும்.

540 என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. உள்ளங்கை அகலத் திரையில், அதுவும் பாதி நேரம் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தே பார்ப்பவர்களுக்கு, தெளிவான 540 காட்டும் முகம் கட்டம் கட்டமான 1080-ஐவிட எவ்வளவோ மேல். கோயில் மண்டபத்தில் புரொஜெக்டரில் போட மூலக் கோப்பு தனியாக இருக்கிறதே, அதை பென்டிரைவில் கொடுத்தால் ஆயிற்று.

60 பிரேமில் எடுத்த காணொளி என்றால் முதலில் 30-ஆக்கிவிடுங்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் பங்கு கூடும்.

செய்யும் முறை

ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதைத் திறந்து `Open Source` வழியாக மூலக் கோப்பைக் கொடுங்கள். மூலக் கோப்பு என்றால் தொகுத்து முடித்த அந்த 816 எம்பிக் கோப்பு. ஏற்கெனவே ஒருமுறை குழுவில் போய்த் திரும்பி வந்த பிரதியைக் கொடுக்காதீர்கள். ஒருமுறை சுருங்கியதில் இருக்கும் கட்டங்களின் விளிம்புகளை அடுத்த சுருக்கி உண்மையான கோடுகள் என்று நம்பிவிடும். அவற்றைக் காப்பாற்றவே பிட்டுகளைச் செலவழிக்கும். நகலின் நகலை ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான்.

`Presets` பட்டியலில் `Fast 720p30` எடுத்துக்கொள்ளுங்கள். அது தொடங்குமிடம் மட்டுமே. `Summary` பக்கத்தில் வடிவம் `MP4` என்று இருக்க வேண்டும், `Web Optimized` கட்டத்தில் குறியிடுங்கள். கோப்பின் அட்டவணை கடைசியில் இல்லாமல் முதலிலேயே எழுதப்படும். அதனால் முழுதும் இறங்கும் முன்பே ஓடக்கூடிய கோப்பாக அது அமையும். `Dimensions` பக்கத்தில் உயர்ந்தபட்ச அளவை 960, 540 என்று மாற்றுங்கள்.

முக்கியமான இடம் `Video` பக்கம். `Video Encoder` என்ற இடத்தில் `H.264 (x264)`. `Framerate` 30, அதன் கீழே `Constant Framerate`. தரம் பகுதியில் `Constant Quality` என்று இருப்பதை விட்டு `Avg Bitrate` என்பதைத் தேர்ந்து 1050 என எழுதுங்கள். கூடவே `Multi-Pass Encoding` என்பதில் குறியிடுங்கள். பழைய பதிப்புகளில் இதன் பெயர் `2-Pass Encoding`. `Encoder Preset` என்ற நகர்த்தியை `Slow` பக்கம் தள்ளினால் நேரம் அதிகம் ஆகும்; அதே அளவுக்குள் படம் கொஞ்சம் தெளியும். அடுத்து `Audio` பக்கத்தில் `AAC`, 128, `Stereo`. கோப்புக்குப் புதுப் பெயர் வைத்து `Start Encode`.

`Constant Quality` பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான வழிகாட்டிகள் அதைத்தான் பரிந்துரைக்கின்றன; வீட்டு வன்தட்டில் சேமிக்க அது நல்ல முறைதான். தரத்தை நிலையாக வைத்துவிட்டு, அளவை அதன் போக்கில் விட்டுவிடும். மேடைப் பேச்சு 25 எம்பி வரும், அதே எண்ணில் காவடி 180 எம்பி வரும். வரம்புக்குள் நிற்க வேண்டியவர்களுக்கு அது உதவாது.

இரண்டு சுற்று எதற்கு? அன்னதானத்தில் பரிமாறுகிறவர் வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் அள்ளி வைத்தால் கடைசிப் பந்திக்குப் பாயசம் இருக்காது. முதல் சுற்றில் சுருக்கி காணொளி முழுவதையும் ஓட்டிப் பார்த்து எந்த இடம் கடினம், எந்த இடம் எளிது என்று குறித்துக்கொள்கிறது. இரண்டாம் சுற்றில் தலைப்பு அட்டைக்கும் பூசை நடக்கும் அமைதியான காட்சிக்கும் சொற்பமாகக் கொடுத்து, மிச்சத்தைத் தீமிதிக்கு ஒதுக்குகிறது. சராசரி 1050-இலேயே நிற்கும். நேரம் கூடத்தான் ஆகும்; 6 நிமிடக் காணொளிக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கட்டளை எழுதிப் பழகியவர்கள் எஃப்எஃப்எம்பெக்கில் இதையே இரண்டு வரியில் முடிக்கலாம். விண்டோஸில் இப்படி:

```
ffmpeg -y -i vizha.mp4 -vf scale=960:540 -c:v libx264 -preset slow -b:v 1050k -pix_fmt yuv420p -pass 1 -an -f null NUL
ffmpeg -i vizha.mp4 -vf scale=960:540 -c:v libx264 -preset slow -b:v 1050k -pix_fmt yuv420p -pass 2 -c:a aac -b:a 128k -movflags +faststart vizha_60.mp4
```

மேக்கிலும் லினக்ஸிலும் `NUL` இருக்கும் இடத்தில் `/dev/null` என்று போட வேண்டும். மூலம் 60 பிரேம் என்றால் இரண்டு வரியிலும் `scale=960:540,fps=30` என்று எழுதுங்கள்.

கணக்குப்படி விளைவு 59 எம்பிக்குச் சற்றுக் குறைவாக வரும். விண்டோஸ் அதை 56 என்று காட்டினால் எதுவும் காணாமல் போய்விடவில்லை. விண்டோஸ் ஒரு எம்பியை 1024 × 1024 பைட்டாக எண்ணுகிறது, நாம் பத்து லட்சமாக எண்ணினோம்.

மடிக்கணினி இல்லாதவர்கள் கைப்பேசியின் எடிட்டிங் செயலியிலேயே செய்யலாம். வெளியே எடுக்கும் பக்கத்தில் ரெசல்யூஷனும் பிரேம் எண்ணிக்கையும், சில செயலிகளில் பிட்ரேட்டும் கேட்கும். கைப்பேசியின் சிப் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. சொன்ன பிட்ரேட்டைச் சற்று மீறும், இரண்டு சுற்றும் ஓடாது. அதனால் கணக்கில் வந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் கொடுங்கள்.

அனுப்பும் வழி

இவ்வளவு பாடுபட்டுச் சுருக்கியதைக் கேலரியிலிருந்து எடுத்து அனுப்பினால் வாட்ஸ்அப் தன் பங்குக்கு மறுபடி சுருக்கிவிடும். 2023-இல் ஹெச்டி என்ற தேர்வு வந்தபிறகு கொஞ்சம் பரவாயில்லை; ஆனாலும் அது செயலி செய்யும் சுருக்கம்தான், உங்கள் 1050-ஐ அது மதிக்காது. ஆவணமாக அனுப்பினால் கோப்பில் கை வைக்காது. இணைக்கும் குறியைத் தொட்டு `Document` என்பதைத் தேர்ந்து, அங்கிருந்து கோப்பை எடுங்கள். ஆவணத்துக்கான வரம்பு 2022-இல் 100 எம்பியிலிருந்து 2 ஜிபியாக உயர்ந்தது. வரம்பைப் பார்த்தால் 816 எம்பியே போகும். நாம் சுருக்குவது செயலியின் வரம்புக்காக அல்ல, லைனுக்காகவும் எதிர்முனைக் கைப்பேசிக்காகவும்.

சரியாகப் போனதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, எதிர்முனையில் கோப்பின் அளவைப் பார்ப்பது. இங்கே இருந்த அளவே அங்கும் இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். குழுவிலிருந்து வேறொரு குழுவுக்கு அப்படியே ஃபார்வர்டு செய்தால் அதே கோப்புதான் போகும். இறக்கிக் கேலரியில் வைத்து, அங்கிருந்து புதிதாக இணைத்து அனுப்பினால்தான் இன்னொரு சுருக்கம் விழும். இதை அத்தை, மாமாமார்களுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஆவணமாகப் போகும்போது இன்னொரு சின்னச் சிக்கல். காணொளி என்று பார்த்ததும் தெரியாமல், ஏதோ அலுவலகக் கோப்பு என்று வயதானவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். கோப்பின் பெயரைத் தமிழிலோ மலாயிலோ புரியும்படி வையுங்கள். `final_v3_new.mp4` என்ற பெயரை யாரும் திறக்கமாட்டார்கள்.

எங்கே கெடுகிறது

சுருக்கியபின் கோப்பு பெரிதாகிவிட்டது என்ற புகார் அடிக்கடி வரும். பெரும்பாலும் மூலம் எச்.265-இல் இருந்திருக்கும். ஐபோன்கள் 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து இந்த முறையில் எடுக்கின்றன. அது எச்.264-ஐவிடச் சிக்கனமான முறை. தரத்தைக் குறைக்காமல் எச்.264-க்கு மாற்றினால் கோப்பு பருப்பது இயல்பு. பிட்ரேட்டை நாமே எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

அப்படியென்றால் எச்.265-இலேயே அனுப்பினால் என்ன என்று தோன்றும். எல்லாரிடமும் புதிய கைப்பேசி இருந்தால் செய்யலாம். குழுவில் நான்கு பேர் பழைய மலிவுக் கைப்பேசி வைத்திருந்தால் அவர்களுக்கு ஒலி மட்டும் வரும், அல்லது படம் விக்கி விக்கி ஓடும். பொதுக் குழுவுக்கு எச்.264-தான் எங்கள் பரிந்துரை.

நிறம் வெளுத்து, சாம்பல் பூசினாற்போல வந்தால் மூலம் எச்டிஆர், அதாவது ஒளியும் நிறமும் கூடுதல் வீச்சில் பதிவான காணொளி. மஞ்சள் புடவை பழைய துணிபோலத் தெரியும். சுருக்கும் இடத்தில் இதைச் சரி செய்ய முயல்வதைவிட, தொகுக்கும் மென்பொருளுக்குத் திரும்பிப் போய் எஸ்டிஆர் என்ற சாதாரண முறைக்கு மாற்றி மறுபடி வெளியே எடுப்பது எளிது.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக உறுமி அடிக்கும் கைக்கும் சத்தத்துக்கும் இடைவெளி விழுந்தால் பிரேம் வேகம் சீராக இல்லை. கைப்பேசிகள் இருட்டில் பிரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். `Constant Framerate` வைக்கச் சொன்னது இதற்காகத்தான். சோதிக்கும்போது முதல் நிமிடத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல் கடைசி 20 வினாடியையும் பாருங்கள்.

இரவுக் காட்சிகள் இன்னொரு தலைவலி. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கொசு மொய்ப்பதுபோலப் புள்ளிகள் துடிக்கும். கண்ணுக்கு அது இருட்டு. சுருக்கிக்கு ஒவ்வொரு பிரேமிலும் ஆயிரக்கணக்கான புதிய விவரம். ஹேண்ட்பிரேக்கின் `Filters` பக்கத்தில் `Denoise` என்பதில் `NLMeans`, அளவு `Light` என்று வைத்தால் புள்ளிகள் அடங்கி, பிட்டுகள் முகங்களுக்குப் போகும். அதற்குமேல் ஏற்றினால் முகம் மெழுகுப் பொம்மை ஆகிவிடும். தொகுப்பாளர்கள் ஆசைப்பட்டு மேலே தூவும் மினுமினுப்பும், பழைய ஃபிலிம் போலக் காட்டும் புள்ளிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. புலனத்துக்குப் போகும் பிரதியில் அவற்றை எடுத்துவிட்டால் அதே 60 எம்பியில் படம் கண்கூடாகத் தெளியும்.

முழுவதையும் சுருக்கும் முன், இருப்பதிலேயே கடினமான ஒரு நிமிடத்தை மட்டும் சுருக்கிப் பார்க்கலாம். ஹேண்ட்பிரேக்கில் `Range` என்ற இடத்தில் `Seconds` தேர்ந்து தொடக்கமும் முடிவும் கொடுத்தால் போதும். அந்தச் சோதனைத் துண்டு உண்மையில் வரப்போவதைவிடச் சற்று மோசமாகவே தெரியும். அமைதியான காட்சிகளில் மிச்சம் பிடித்துத் தரும் வாய்ப்பு அதற்கு இல்லை. அதிலேயே முகம் அடையாளம் தெரிந்தால் முழுக் காணொளி தாராளமாக நிற்கும். வீட்டில் இருப்பதிலேயே பழைய கைப்பேசியில் ஓட்டிப் பாருங்கள்.

நீளமே பிரச்சினை என்றால்

25 நிமிடக் காணொளியை 60 எம்பிக்குள் அடக்கச் சொன்னால் கணக்கு 320 கேபிபிஎஸ் என்று வரும். ஒலி போக 190 தேறும். எந்த மென்பொருளாலும் அதில் ஒரு திருவிழாவைக் காட்ட முடியாது. 150 எம்பிக்கு ஒப்புக்கொண்டால் 800 வரும்; ஒலிக்கு 96 போக, 854×480-இல் ஓரளவு பார்க்கும்படி அமையும். இல்லையென்றால் கரகம், காவடி, தீமிதி, அன்னதானம் என்று இயல்பாக முடியும் இடங்களில் நான்காக வெட்டி, ஒவ்வொன்றையும் 60 எம்பியாக அனுப்பலாம். பார்ப்பவரும் தனக்கு வேண்டியதை மட்டும் இறக்கிக்கொள்வார். வெட்டும்போது கோப்புப் பெயரின் முதலிலேயே 1, 2, 3, 4 என்று எண் போட்டுவிடுங்கள். லைன் மோசமாக இருக்கும்போது சிறிய கோப்பு முந்திக்கொண்டு ஏறி, அன்னதானம் முடிந்தபிறகு கரகம் புறப்படும்.